பத்தில் ஒன்று: முதலைக்கு மிஞ்சுவது எவ்வளவு எண்டு எப்படிச் சரிபார்ப்பது?

சாதாரண தரம், உயர்தரம் எழுதின எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். ஒரு உணவுச்சங்கிலி தந்திருப்பார்கள். உற்பத்தியாக்கிகளில் 10,000 கிலோ யூல் சக்தி இருக்கிறது. ஒரு போசணை மட்டத்தில் இருந்து அடுத்ததற்குப் பத்து வீதம்தான் போகும். உச்சியில் இருக்கிற விலங்குக்கு எவ்வளவு கிடைக்கும்?

நாங்கள் இந்தக் கேள்வியை இரணைமடுக் குளத்தில் இறக்கிப் பார்ப்போம். கனகராயன் ஆறு கொண்டுவந்து நிரப்புகிற அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது. பாசியை விலங்குப் பிளாந்தன் தின்கிறது. அதைச் சின்ன மீன் தின்கிறது. சின்ன மீனை விரால் பிடிக்கிறது. விராலை முதலை பிடிக்கிறது. பாசியில் 10,000 எண்டால், பிளாந்தனில் 1,000, சின்ன மீனில் 100, விராலில் 10, முதலையில் 1. விடை ஒரு கிலோ யூல்.

இந்த விடை சரியோ எண்டு பார்க்க ரெண்டு வேலை செய்ய வேணும். முதலாவது, சங்கிலியில் உயிரினங்களை எண்ணாமல் அம்புக்குறிகளை எண்ணுவது. இங்கே உயிரினம் ஐந்து, அம்புக்குறி நாலு. பத்தால் பிரிக்க வேண்டியது நாலு தரம்தான். ஐந்து தரம் பிரித்து 0.1 எண்டு எழுதுவதுதான் இந்தக் கேள்வியில் வழக்கமாக நடக்கிற பிழை. இரண்டாவது, மேலே இருந்து கீழே பெருக்கி வருவது. முதலையின் 1 கிலோ யூலை நாலு தரம் பத்தால் பெருக்கினால் 10,000 திரும்பி வர வேணும். வராவிட்டால் எங்கேயோ ஒரு படி கூடியிருக்கும், இல்லாட்டிக் குறைஞ்சிருக்கும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. சில வினாக்கள் பாசியில் தொடங்காமல் சூரிய ஒளியில் தொடங்கும். ஒளியில் இருந்து பாசிக்குப் போற படிக்குப் பத்து வீதம் பொருந்தாது. தண்ணீரில் விழுகிற ஒளியில் ஒரு வீதமோ, அதைவிடக் குறைவோதான் ஒளித்தொகுப்பில் பிடிபடும். அந்தப் படியையும் பத்து வீதம் எண்டு எடுத்தால், முதலைக்குப் பத்து மடங்கோ அதுக்கு மேலேயோ கூடுதலாகக் கொடுத்துவிடுவோம்.

பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் இதுவரை நாங்கள் சரிபார்த்தது எங்கட பெருக்கலையும் பிரித்தலையும்தான். அந்தப் பத்து வீதத்தை ஒருதரும் சரிபார்க்கவில்லை. அது எங்கே இருந்து வந்தது? யார் அளந்தார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது.

ஏரியை அளந்த இளைஞர்

உணவுச்சங்கிலியின் உச்சியில் இருக்கிற விலங்குகள் எப்பவும் குறைவாக இருப்பதை ஆட்கள் கனகாலமாகக் கவனித்திருக்கிறார்கள். 1927இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் எல்ற்றன் அதை ஒரு கூம்பகமாக விளக்கினார். கீழே சிறியவை, நிறைய. மேலே பெரியவை, கொஞ்சம். ஆனால் அவர் பார்த்தது எண்ணிக்கையை. ஏன் அப்படி இருக்கிறது எண்ட கேள்விக்கு எண்ணிக்கை முழுமையான விடை தராது. ஒரு பாலை மரத்தில் ஆயிரம் பூச்சி இருக்கலாம். அங்கே கூம்பகம் தலைகீழாகிவிடும்.

எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சக்தியை எண்ண வேணும் எண்டு முழுக் கணக்கோடு காட்டியவர் ரேமண்ட் லிண்ட்மன். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பொக் எண்டொரு சின்ன ஏரி இருக்கிறது. ஆழம் ஒரு மீற்றர் அளவுதான். சேறு நிரம்பி மெல்ல மெல்லத் தூர்ந்துகொண்டிருந்த ஏரி. லிண்ட்மன் தன் கலாநிதிப் பட்டத்துக்காக அந்த ஏரியில் வருடக்கணக்காக இறங்கி, பாசி, பூச்சி, புழு, மீன் எல்லாவற்றையும் எடுத்து நிறுத்து, அவற்றைக் கலோரியாக மாற்றினார். மனைவி எலனரும் அந்த வேலையில் கூட இருந்தார்.

பிறகு அவர் யேல் பல்கலைக்கழகத்தில் ஈவ்லின் ஹட்சின்சனிடம் போய்ச் சேர்ந்து தன் கட்டுரையை எழுதினார். ‘எக்கொலொஜி’ சஞ்சிகைக்கு அனுப்பினார். அதைப் படித்துப் பார்த்த ரெண்டு ஏரியியல் அறிஞர்களும் பிரசுரிக்க வேண்டாம் எண்டார்கள். தரவு போதாது, கோட்பாடு அதிகம் எண்டது அவர்களின் குறை. அவர்களில் ஒருவர் சான்சி ஜூடே. ஹட்சின்சன் சஞ்சிகைக்கு நீளமாக எழுதி வாதாடிய பிறகுதான் கட்டுரை ஏற்கப்பட்டது. ஆனால் 1942 ஒக்ரோபரில் அது அச்சில் வந்தபோது லிண்ட்மன் உயிரோடு இல்லை. நீண்டநாள் நோயால் அந்த வருடம் ஜூன் மாதமே, இருபதுகளில் இருந்தபடியே, இறந்துபோனார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. லிண்ட்மன் தன் ஏரியோடு ஒப்பிடுவதற்கு விஸ்கொன்சின் மாநிலத்தின் மெண்டோட்டா ஏரியையும் எடுத்தார். அந்த ஏரியின் சக்திக் கணக்கைப் பல வருடமாகச் சேகரித்து 1940இல் வெளியிட்டவர் அதே ஜூடேதான். தன் எண்களை எடுத்து இப்படி மட்டம் மட்டமாக அடுக்கியதை அவரே ஏற்கவில்லை.

மெண்டோட்டாவில் பத்து வீதம் கிடைத்ததா?

லிண்ட்மன் அடுக்கிய எண்களை இப்ப நாங்கள் சரிபார்ப்போம். அலகு, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு வருடத்தில் இத்தனை கலோரி.

ஏரியில் விழுந்த சூரிய ஒளி 118,872. உற்பத்தியாக்கிகள் பிடித்தது 480. முதலாம் நுகரிகளுக்குப் போனது 41.6. இரண்டாம் நுகரிகளுக்கு 2.3. மூன்றாம் நுகரிகளுக்கு 0.3.

ஒவ்வொரு படியையும் பிரித்துப் பாருங்கோ. ஒளியில் இருந்து உற்பத்தியாக்கிக்கு 0.4 வீதம். அதில் இருந்து முதலாம் நுகரிக்கு 8.7 வீதம். அடுத்த படி 5.5 வீதம். கடைசிப் படி 13 வீதம். ஒரு படியில்கூடச் சரியாகப் பத்து இல்லை. சீடர் பொக் ஏரியிலும் அப்படித்தான்: முதற்படியில் 13.3 வீதம், அடுத்ததில் 22.3 வீதம்.

இந்த எண்களைக் கண்ட லிண்ட்மன் ‘பத்து வீதம்தான் இயற்கையின் விதி’ எண்டு எழுதவில்லை. மேலே போகப் போக விலங்குகள் இரை தேடுவதில் கெட்டித்தனம் கூடுவதால் வீதமும் கூடலாம் எண்டுதான் அவர் நினைத்தார். பாடப்புத்தகங்களில் ‘லிண்ட்மனின் பத்து வீத விதி’ எண்டு வாசித்தால், அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியது பின்னால் வந்தவர்கள் எண்டு விளங்கிக்கொள்ளலாம்.

அப்ப பத்து வீதம் பொய்யோ? அதே மெண்டோட்டாவில் 480ஐ மூன்று தரம் பத்தால் பிரித்தால் 0.48 வரும். லிண்ட்மனின் கணக்கில் உச்சிக்குப் போனது 0.3. பத்து வீதக் கணக்கு ஒன்றரை மடங்கு கூட்டிச் சொல்லுகிறது. ஆனால் 480 எங்கே, 0.3 எங்கே! ஆயிரம் மடங்குக்கு மேலே சுருங்கின ஒரு விசயத்தை ஒன்றரை மடங்கு பிழையோடு சொல்லுறது சும்மா ஒரு மதிப்பீட்டுக்குப் பரவாயில்லை. பத்து வீதத்தின் பெறுமதி அவ்வளவுதான். எந்த அளவில் எண்டு சொல்லும். சரியாக எவ்வளவு எண்டு சொல்லாது.

விடை பொருந்தினால் வழியும் சரியோ?

அடுத்த ஆள் ஹவார்ட் ஓடம். 1950களில் அமெரிக்காவின் புளோரிடாவில் சில்வர் ஸ்பிறிங்ஸ் எண்ட நீரூற்றில் அவர் ஆய்வு செய்தார். நிலத்துக்கடியில் இருந்து பளிங்கு மாதிரித் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வருடம் முழுக்க வெப்பநிலை பெரிதாக மாறாது. அதனால் அளப்பது வசதி. ஊற்று வாயில் வெளிவருகிற தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன், கீழே ஓடிப்போகும் இடத்தில் எவ்வளவு ஒட்சிசன் எண்டு பகலிலும் இரவிலும் அளந்தால், செடிகொடிகள் எவ்வளவு ஒளித்தொகுப்புச் செய்தன, எல்லா உயிர்களும் சேர்ந்து எவ்வளவு சுவாசித்தன எண்டு கணக்கிடலாம். 1957இல் அவர் அந்த முழுக் கணக்கை வெளியிட்டார்.

இந்த முறை அலகு, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு வருடத்தில் இத்தனை கிலோ கலோரி. உற்பத்தியாக்கிகள் 20,810. தாவர உண்ணிகள் 3,368. ஊனுண்ணிகள் 383. உச்ச ஊனுண்ணிகள் 21.

இப்ப பத்து வீதக் கணக்கைப் போடுங்கோ. 20,810ஐ மூன்று தரம் பத்தால் பிரித்தால் 20.8. ஓடம் கண்டது 21!

இந்த இடத்தில் பலருக்குச் சந்தோசம் வரும். விதி நிரூபணமாயிற்று எண்டு தோன்றும். ஆனால் படிகளைத் தனித்தனியாகப் பாருங்கோ. முதற்படி 16 வீதம். இரண்டாம் படி 11 வீதம். மூன்றாம் படி 5.5 வீதம். முதற்படியில் கூடினதும் கடைசிப் படியில் குறைஞ்சதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. அவ்வளவுதான் நடந்தது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்கு பஸ் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது எண்டதை வைத்து, அது வழி முழுக்க ஒரே வேகத்தில் வந்தது எண்டு சொல்ல ஏலாது. மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிண்டிருக்கும், அதுக்கு முன்னம் பறந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உச்சியில் நிற்காமல் நடுவில் நிண்டு பார்ப்பது. பத்து வீதக் கணக்கின்படி தாவர உண்ணிகளுக்கு 2,081 வர வேணும். ஓடம் கண்டது 3,368. ஒன்றரை மடங்குக்கும் மேலே வித்தியாசம். சங்கிலியின் நடுவில் இருக்கிற மீனை நம்பித் தொழில் செய்கிற ஒருவருக்கு உச்சியில் எண் பொருந்துகிறது எண்டதால் ஒரு பலனும் இல்லை.

எதை எண்ணுகிறோம்?

ஓடத்தின் எண்களில் இன்னொரு விசயமும் கற்கலாம். மேலே நாங்கள் எடுத்தது ‘மொத்த’ எண்கள். அதாவது ஒவ்வொரு மட்டமும் உள்ளே எடுத்துத் தன்னுடையதாக்கிய சக்தி முழுவதும். ஆனால் ஒரு உயிர் அதில் பெரும்பகுதியைத் தானே சுவாசித்து வெப்பமாக்கிவிடும். அது போக உடம்பாக மிஞ்சுகிறதுதான் ‘தேறிய’ உற்பத்தி. அடுத்தவன் தின்னக்கூடியது அதைத்தான்.

சில்வர் ஸ்பிறிங்ஸில் தேறிய எண்கள் இப்படி: உற்பத்தியாக்கி 8,833, தாவர உண்ணி 1,478, ஊனுண்ணி 67, உச்ச ஊனுண்ணி 6. இப்ப படிகள் 16.7 வீதம், 4.5 வீதம், 9 வீதம். அதே நீரூற்று, அதே வருடம், அதே ஆய்வாளர். எதை எண்ணினோம் எண்டதை மாற்றினவுடன் இரண்டாம் படி 11இல் இருந்து 4.5ஆக விழுந்துவிட்டது. பத்து வீதக் கணக்கை 8,833இல் தொடங்கினால் உச்சிக்கு 8.8 வரும், ஓடத்தின் எண் 6. முதலில் கண்ட அந்த அழகான பொருத்தம் காணாமல் போய்விட்டது.

ஆகவே யாராவது ‘இந்தக் குளத்தில் பத்து வீதம் போகிறது’ எண்டால், மொத்தமோ தேறியதோ எண்டு முதலில் கேட்க வேணும். ஒரு மட்டத்துக்கு மொத்தத்தையும் அடுத்த மட்டத்துக்குத் தேறியதையும் எடுத்துப் பிரித்தால் வருகிற வீதத்துக்கு ஒரு பொருளும் இல்லை. 1,478ஐ 20,810ஆல் பிரித்தால் 7 வீதம் வரும். எண் நம்பும்படியாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து.

வரவு செலவு

அப்படியெண்டால் ஓடத்தின் எண்களையே எப்படி நம்புவது? அதுக்கு அவர் வைத்திருந்த சோதனை எங்கட சங்கக்கடைக் கணக்கு மாதிரி எளிமையானது. ஒரு வருடத்தில் நீரூற்றுக்குள் வந்த சக்தியும் வெளியே போன சக்தியும் சமப்பட வேணும். சக்தி நடுவில் தொலையாது.

வரவில் 20,810 ஒளித்தொகுப்பால் வந்தது. செலவில் எல்லா உயிர்களின் சுவாசமும் சேர்ந்து 18,796. இதில் பிரிகையாக்கிகளின் பங்கு மட்டும் 4,600. மேல்மட்ட விலங்குகள் எல்லாவற்றையும் விடச் சேற்றுக்குள் இருக்கிற பக்ரீரியா கூடுதலாகச் செலவழிக்கிறது. மீதியில் 2,500 தண்ணீரோடு கீழே அடித்துக்கொண்டு போயிற்று. 18,796ஐயும் 2,500ஐயும் கூட்டினால் 21,296. வரவு 20,810தான். 486 கிலோ கலோரி எங்கே இருந்து வந்தது?

அது வெளியே இருந்து வந்தது. சில்வர் ஸ்பிறிங்ஸ் உல்லாசப் பயணிகள் வருகிற இடம். அவர்கள் மீனுக்குப் பாண் துண்டுகளை எறிவார்கள். ஓடம் அந்தப் பாணையும் கணக்கில் சேர்த்தார். 20,810ஓடு 486ஐக் கூட்டினால் 21,296. வரவும் செலவும் பொருந்துகின்றன.

இந்தப் பாண் துண்டு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் உணவுச்சங்கிலிக் கணக்கு பிழைக்கிற முக்கியமான இடம் இதுதான். வெளியே இருந்து வருகிற சாப்பாட்டை விட்டுவிட்டால், மேல்மட்டத்தில் உள்ள சக்தி எல்லாம் பாசியில் இருந்துதான் வந்தது எண்டு ஆகிவிடும். அப்ப படியின் வீதம் உண்மையைவிடக் கூடித் தெரியும். ஒரு குளத்தில் யாராவது முப்பது, நாப்பது வீதம் எண்டு கண்டுபிடித்தால், அந்தக் குளத்து மீன் கெட்டிக்கார மீன் எண்டு நினைக்க முன்னம், யார் பாண் போட்டது எண்டு தேட வேணும்.

பத்து எப்படி நிலைத்தது?

ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எண் வந்தும் பத்து எப்படிப் பாடப்புத்தகத்துக்குள் போனது? அதில் லோரன்ஸ் சுலொபோட்கினுக்குப் பங்கு இருக்கிறது. 1950களின் கடைசியில் அவர் ஆய்வுகூடத்தில் நீர்த்தெள்ளுகளை வளர்த்து, அளந்து பாசி கொடுத்து, குறித்த அளவு நீர்த்தெள்ளை இடைக்கிடை எடுத்தெடுத்துப் பார்த்தார். பத்தை ஒட்டி எண்கள் வந்தன. மற்றவர்களின் தரவையும் சேர்த்துப் பார்த்து, 5இல் இருந்து 20 வீதம் வரை எண்டு ஒரு எல்லையைச் சொன்னார். மற்றவர்கள் அந்த எல்லையை மறந்துவிட்டு, நடுவில் கிடந்த, மனக்கணக்குக்கு வசதியான பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1972இல் சுலொபோட்கினே இந்த வீதம் மாறிலி இல்லை எண்டு தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். அதுக்குள்ளே பத்து வகுப்பறைக்குள் போய் இருந்துவிட்டது.

1995இல் டானியல் போலியும் வில்லி கிறிஸ்ரென்சனும் உலகின் பல பாகங்களில் உள்ள 48 நீர்ச் சூழற்றொகுதி மாதிரிகளை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். சராசரி பத்தை ஒட்டித்தான் வந்தது. ஆனால் தனித்தனி எண்கள் ஏறத்தாழ 2 வீதத்தில் இருந்து 24 வீதம் வரை சிதறிக் கிடந்தன. ஆகவே நூறு குளத்துக்குச் சராசரியாகப் பத்து எண்டு சொல்வது நியாயம். ‘உங்கட குளத்தில் பத்து’ எண்டு சொல்ல அது போதாது.

சிதறல் சின்ன விசயமில்லை, ஏன் எண்டால் அது படிக்குப் படி பெருகும். மூன்று படிச் சங்கிலியில் ஒவ்வொரு படியும் 10 வீதம் எண்டால், உச்சிக்குப் போவது ஆயிரத்தில் ஒன்று. 20 வீதம் எண்டால் 125இல் ஒன்று. 5 வீதம் எண்டால் 8,000இல் ஒன்று. வீதம் இரு மடங்கானால் விடை எட்டு மடங்கு மாறுகிறது.

வன்னிக் குளத்துக்கு வருவோம்

இதெல்லாம் அமெரிக்க ஏரிக்கதை எண்டு விட ஏலாது. இலங்கையின் நன்னீர் மீன்பிடி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

எங்கட குளங்கள் ஆறுகளை மறித்துக் கட்டப்பட்டவை. ஏரியில் வாழ்ந்து பழகி, பாசியையும் மண்டியையும் நேரடியாகத் தின்று பெருகக்கூடிய உள்ளூர் மீன்கள் இங்கே குறைவு. விரால் ருசிதான், ஆனால் அது இரைகௌவி. பாசிக்கும் அதுக்கும் நடுவில் ரெண்டு மூன்று படி இருக்கிறது. 1952இல் ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியாவை இலங்கைக் குளங்களில் விட்டார்கள். அது பாசிக்கு அடுத்த படியிலேயே நிண்டு தின்னக்கூடியது. நடுப்படிகளை வெட்டிவிட்டதால் அதே பாசியில் இருந்து கனமடங்கு மீன் எடுக்க முடிந்தது. பத்து வீதக் கணக்கில், 10,000 கிலோ யூல் பாசி விராலாக வந்தால் 10. திலாப்பியாவாக வந்தால் 1,000. இண்டைக்கும் வன்னிக் குளங்களில் வலை விரிக்கிற குடும்பங்களின் பிடியில் பெரும்பங்கு திலாப்பியா எண்டதுக்கு ஒரு காரணம் இந்த நூறு மடங்கு.

ஆனால் அந்த ஆயிரத்தை அப்படியே நம்பலாமோ? திலாப்பியா உண்மையில் பாசியைத்தான் தின்னுதா எண்டதைப் பொறுத்தது அது. 1980களின் தொடக்கத்தில் சேன டி சில்வாவும் அவரோடு வேலை செய்தவர்களும் இலங்கையின் ஒன்பது நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவைப் பிடித்து வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒரே இன மீன், ஆனால் சாப்பாடு இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் பாசி, சில இடங்களில் மண்டி, சில இடங்களில் பெரும்பாலும் சின்ன விலங்குகள்.

இது கணக்கை எப்படி மாற்றும் எண்டு ஒரு தரம் செய்து பார்ப்போம். ஒரு குளத்தில் திலாப்பியாவின் சாப்பாட்டில் பாதி பாசி, பாதி விலங்குப் பிளாந்தன் எண்டு வைத்துக்கொள்வோம். பத்து வீதத்தையே வைத்துக்கொள்வோம். எல்லாம் பாசி எண்டால் 1,000 மீன், எல்லாம் பிளாந்தன் எண்டால் 100 மீன், ஆகவே பாதிக்குப் பாதி எண்டால் நடுவில் 550 எண்டு சொல்லத் தோன்றும். மேலே இருந்து கீழே வந்து சரிபாருங்கோ. 100 கிலோ யூல் மீன் வளர 1,000 கிலோ யூல் சாப்பாடு வேணும். அதில் 500 நேரடியாகப் பாசி. மற்ற 500 பிளாந்தன். அந்தப் பிளாந்தன் வளர 5,000 பாசி வேணும். மொத்தம் 5,500 கிலோ யூல் பாசி. அப்ப 10,000 பாசியில் இருந்து வரக்கூடிய மீன் ஏறத்தாழ 182 கிலோ யூல்தான். 550 இல்லை. பாதிச் சாப்பாடு ஒரு படி மேலே ஏறினதும் மீன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைஞ்சுவிட்டது. குளத்தில் 1,000 கிடைக்கும் எண்டு நம்பி வலையையும் தோணியையும் கூட்டினால், அந்தக் குளம் தாங்காது.

முழுக் குளத்தையும் சேர்த்து அளந்த வேலையும் இலங்கையில் நடந்திருக்கிறது. 1979 தொடங்கி வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பிறிட்ஸ் சீமர் தலைமையில் வந்த குழுவினர், இலங்கை ஆய்வாளர்களோடு சேர்ந்து பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தை ஆய்வு செய்தார்கள். பாசியின் உற்பத்தி, பிளாந்தன், மீன், மீன் தின்னுகிற நீர்க்காகம் எல்லாம் அதில் அடங்கின. பிறகு அந்தக் குளத்துக்கு ஒவ்வொரு மட்டத்தின் வரவு செலவையும் சமப்படுத்துகிற கணினி மாதிரியும் செய்தார்கள். ஓடத்தின் சோதனையைப் போலத்தான் அதுவும்: ஒரு மீனைத் தின்கிறவர்களும் பிடிக்கிறவர்களும் எடுக்கிற தொகை, அந்த மீன் உற்பத்தி செய்கிற தொகையைத் தாண்டினால், ஏதோ ஒரு எண் பிழை.

இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ அப்படி ஒரு கணக்குப் போட வெளிக்கிட்டால், ‘பாண்’ எங்கே எண்டு முதலிலேயே யோசிக்க வேணும். கோடையில் குளம் வற்ற வற்ற, வெளிக்கிற நிலத்தில் புல் முளைக்கும், மாடும் எருமையும் மேயும், சாணம் போடும். மாரியில் தண்ணீர் ஏறும்போது அந்தப் புல்லும் சாணமும் தண்ணிக்குள்ளே போகும். திலாப்பியா தின்னுகிற மண்டியில் அதுவும் சேர்ந்திருக்கும். அது குளத்துப் பாசி செய்த சக்தி இல்லை. மறுபக்கம், நீர்க்காகம் குளத்தில் மீன் பிடித்துவிட்டு வேறு எங்கேயோ போய் அடையும். வாய்க்காலைத் திறந்தால் பாசியும் குஞ்சு மீனும் வயலுக்குப் போகும். ஓடத்தின் 2,500 மாதிரி, அது வெளியே போகிற செலவு.

ஆகவே வினாத்தாளில் முதலைக்கு ஒரு கிலோ யூல் எண்டு எழுதுவது சரிதான். அங்கே பத்து வீதம் தந்த தரவு. அம்புக்குறியை எண்ணி, திருப்பிப் பெருக்கிப் பார்த்தால் போதும். குளக்கரையில் பத்து வீதம் ஒரு ஊகம் மட்டும். அதைச் சரிபார்க்க, தொடக்க எண் மொத்தமோ தேறியதோ எண்டு தெரிய வேணும், நடுமட்டத்தில் ஒரு இடத்திலாவது அளந்து பார்க்க வேணும், வெளியே இருந்து வந்ததையும் வெளியே போனதையும் எழுதி வைக்க வேணும். முதல் வேலையாக, வலையில் வந்த பத்துப் பதினைந்து திலாப்பியாவின் வயிற்றைத் திறந்து, உள்ளே பச்சையாக இருக்கிறதா, மண்டியாக இருக்கிறதா, சின்னக் கால்களும் ஓடுகளுமாக இருக்கிறதா எண்டு ஒரு பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கலாம்.